வெண்புள்ளி, புழுவெட்டு, காணாக்கடி: தைராய்டோடு கூட வரும் மூன்று தோல் நோய்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த மூன்று நோய்களுக்கும் தமிழில் உள்ள பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வட்டமாக முடி உதிர்ந்தால் புழுவெட்டு என்கிறோம். இரவோடு இரவாகத் தோல் தடித்து அரித்தால் காணாக்கடி. தோல் வெளுத்தால் முன்பு வெண்குஷ்டம் என்றார்கள். தொழுநோய்க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதால் வெண்புள்ளி என்று மாற்றிக்கொண்டோம். புழு வெட்டியது, கண்ணுக்குத் தெரியாத ஏதோ கடித்தது, யாரிடமிருந்தோ ஒட்டிக்கொண்டது என்று மூன்று பெயர்களுமே குற்றவாளியை வெளியில் தேடின. ஆள் உள்ளே இருக்கிறான். தோல் மருத்துவராக என்னிடம் வருபவர்களில் தைராய்டு கோளாறும் சேர்ந்து உள்ளவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

"ஆறு வருஷமா எனக்கு ஹாஷிமோட்டோ தைராய்டு. இப்போ விரல் நுனியிலயும் வாய் ஓரத்துலயும் வெள்ளைத் திட்டு. தைராய்டு தோலுக்குப் பரவிடுச்சா?"

பரவவில்லை. இவை தாயும் பிள்ளையும் அல்ல, உடன்பிறப்புகள். ஹாஷிமோட்டோ நோயில் நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியை அந்நியன் என்று நினைத்துத் தாக்குகின்றன. வெண்புள்ளியில் அதே குடும்பத்தைச் சேர்ந்த அணுக்கள் தோலுக்கு நிறம் தரும் நிறமணுக்களைத் தாக்குகின்றன. இரண்டு தாக்குதலுக்கும் வழிவிடும் மரபணுக்களில் சில பொதுவானவை. அதனால்தான் ஒன்று உள்ளவரிடம் மற்றொன்று வரும் வாய்ப்பு கூடுகிறது. தைராய்டு ஹார்மோன் குறைந்ததால் தோல் வெளுக்கவில்லை.

எவ்வளவு கூடுகிறது என்று கேட்பீர்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வெண்புள்ளி உள்ள 100 பேரில் சுமார் 15 பேருக்குத் தைராய்டு நோயும் இருந்தது. மீதி 85 பேருக்கு இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பெரும்பாலும் வெண்புள்ளி முதலில் வருகிறது, தைராய்டு சில வருடங்கள் கழித்து. உங்களுக்கு வரிசை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டை போலத் தொடங்கி, ஒன்றிரண்டு வருடத்துக்குள் அப்படியே நின்றுவிடும் வெண்புள்ளி வகை இருக்கிறது. அதற்கும் தைராய்டுக்கும் உள்ள உறவு மிகவும் தளர்வானது. இரண்டு கையிலும், வாயின் இரு ஓரத்திலும், இரண்டு முழங்காலிலும் என்று ஜோடி ஜோடியாக வருவதுதான் தைராய்டின் கூட்டாளி.

"அப்போ டி.எஸ்.ஹெச். நார்மல் ஆனாலும் தோல் சரியாகாதா? மாத்திரை எதுக்குச் சாப்பிடறேன்?"

டி.எஸ்.ஹெச். என்பது தைராய்டை வேலை வாங்க மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன்; தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அது ஏறும், கூடினால் இறங்கும். ஊற்று தூர்ந்த கிணற்றில் வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவது போன்றது தைராக்சின் மாத்திரை. தண்ணீர்ப் பற்றாக்குறை தீரும். ஊற்றைத் தூர்த்தவன் தன் வேலையை நிறுத்த மாட்டான். சுரப்பி தராத ஹார்மோனை மாத்திரை தருகிறது. நோய் எதிர்ப்பு அணுக்களின் கோபத்தை அது தணிப்பதில்லை. எனவே ஹார்மோன் குறைவால் வந்தவை சரியாகும்: உலர்ந்து சொரசொரத்த தோல், முகவீக்கம், தலை முழுக்கப் பரவலாக முடி கொட்டுவது, சோர்வு, மலச்சிக்கல். வெண்புள்ளித் திட்டும் புழுவெட்டு வட்டமும் ஹார்மோன் குறைவால் வந்தவை அல்ல. அவை மாத்திரைக்கு மசியாது.

காணாக்கடி கொஞ்சம் வேறு மாதிரி. ஹார்மோன் குறைவு உள்ளவர்கள் சிலருக்கு மாத்திரை தொடங்கியபின் தடிப்பு குறைவதைப் பார்த்திருக்கிறேன். குறையாதவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே தைராய்டைத் தைராய்டுக்காக சரிசெய்யுங்கள். தோலுக்குத் தனி வைத்தியம் தனியாக நடக்கட்டும். "முதல்ல தைராய்டு சரியாகட்டும், அப்புறம் தோலைப் பார்க்கலாம்" என்று ஆறு மாதம் ஒத்திப்போடுவதால் நஷ்டம்தான், குறிப்பாக வேகமாகப் பரவும் வெண்புள்ளியில்.

"எனக்கு முடி கொட்டறது தைராய்டாலயா, புழுவெட்டாலயா? வீட்டிலேயே தெரிஞ்சுக்க முடியுமா?"

ஓரளவு முடியும். தைராய்டு ஹார்மோன் குறைந்தோ கூடியோ கொட்டும் முடி தலை முழுவதும் மெலிகிறது. சீப்பில் நிறைய வரும், ஆனால் வழுக்கைத் திட்டு என்று விரல் வைத்துக் காட்ட ஓர் இடம் இருக்காது. புருவத்தின் வெளிப்புற மூன்றில் ஒரு பகுதி மெலிவதும் உண்டு. இந்த மாதிரி உதிர்வு, ஹார்மோன் மாறி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். அளவு சரியான பிறகும் முடி பழைய நிலைக்கு வர இன்னும் பல மாதம் ஆகும். டி.எஸ்.ஹெச். சரியான மறுவாரமே சீப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

புழுவெட்டில் இடம் தெளிவாகத் தெரியும். நாணயம் வைத்து வரைந்தது போல வட்டம், உள்ளே தோல் வழவழப்பு, செதில் இல்லை, புண் இல்லை. அந்த வட்டத்தின் விளிம்பை நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் லென்ஸ் வைத்து, யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். மூன்று நான்கு மில்லிமீட்டரில் முறிந்த குட்டி முடிகள் நிற்கும். மேலே தடிமன், தோலுக்குள் போகும் இடத்தில் மெலிவு, ஆச்சரியக்குறியைப் போல. அது தெரிந்தால் நோய் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நகத்தையும் பாருங்கள். ஊசியால் குத்தியது போல வரிசையாகச் சின்னக் குழிகள் இருந்தால் அதுவும் புழுவெட்டின் துணை அடையாளம்.

வட்டத்துக்குள் செதிலோ, வலியோ, சீழோ, தழும்போ இருந்தால் அது வேறு நோய். பூஞ்சைத் தொற்றும் தழும்பு விட்டு முடியைக் கொல்லும் நோய்களும் அதில் அடக்கம். அதை ஊகத்தில் விடக் கூடாது.

"முடிக்காக பயோட்டின் சாப்பிட்டுட்டு இருக்கேன். இப்போ ரிப்போர்ட்ல திடீர்னு ஹைப்பர் தைராய்டுன்னு வருது. எப்படி?"

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஒருவரின் கதையாகவே சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

31 வயதுப் பெண். ஹாஷிமோட்டோவுக்காக தினமும் 75 மைக்ரோகிராம் தைராக்சின், டி.எஸ்.ஹெச். 2.4. எல்லாம் ஒழுங்கு. காதுக்குப் பின்னால் ஒரு புழுவெட்டு வட்டம் தெரிந்ததும் பதறிப்போய், தானாகவே தினமும் 10 மி.கி. பயோட்டின் தொடங்கினார். ஆறு வாரம் கழித்து வழக்கமான ரத்தப் பரிசோதனை. டி.எஸ்.ஹெச். 0.05. ரத்தத்தில் ஓடும் தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 வழக்கமான மேல் எல்லையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். "மாத்திரை ஓவர்டோஸ்" என்று அளவை 25 மைக்ரோகிராமாகக் குறைத்தார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி பார்த்தார்கள், அதே முடிவு. தைராய்டை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கும் கிரேவ்ஸ் நோயைக் காட்டும் டி.எஸ்.ஹெச். ஏற்பி ஆன்டிபாடியும் பாசிட்டிவ். சரி, ஹாஷிமோட்டோ கிரேவ்ஸாக மாறிவிட்டது என்று முடிவாகி, சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையை எழுதும் கட்டத்தில் தலை வட்டத்துக்காக என்னிடம் வந்தார்.

காகிதத்தில் இருந்த தைராய்டும் எதிரே உட்கார்ந்திருந்த ஆளும் ஒத்துப்போகவில்லை. நாடித்துடிப்பு 66. கை நடுக்கம் இல்லை. எடை குறையவில்லை, இரண்டு கிலோ கூடியிருந்தது. குளிர்கிறது, மலச்சிக்கல், பகலில் தூக்கம் என்றார். ஹைப்பர் தைராய்டு உள்ளவர் சொல்லும் குறை இதுவல்ல. பயோட்டினை நிறுத்தச் சொல்லி நான்காம் நாள் ரத்தம் எடுத்தோம். டி.எஸ்.ஹெச். 11. உண்மையில் அவருக்கு ஹார்மோன் குறைந்துகொண்டிருந்தது. நாம்தான் மாத்திரையைக் குறைத்து அதை வளர்த்திருந்தோம். ஏற்பி ஆன்டிபாடி நெகட்டிவ்.

நடந்தது இதுதான். பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினையும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தையும் பசை மாதிரிப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் மிதந்தால் அது பசையை முந்திப்போய் அடைத்துக்கொள்ளும், கருவிக்குக் கிடைக்கும் ஒளி குறையும். டி.எஸ்.ஹெச். பரிசோதனையில் ஒளி குறைந்தால் அளவு குறைவு என்று அர்த்தம். ஃப்ரீ டி4 பரிசோதனையும் ஏற்பி ஆன்டிபாடி பரிசோதனையும் தலைகீழாக அமைந்தவை. அங்கே ஒளி குறைந்தால் அளவு அதிகம் என்று பதிவாகும். ஆக டி.எஸ்.ஹெச். தாழ்ந்து, டி4 உயர்ந்து, ஆன்டிபாடியும் பாசிட்டிவாகி, பாடப்புத்தகத்தில் உள்ள கிரேவ்ஸ் அப்படியே காகிதத்தில் வந்துவிடுகிறது.

உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். 10 மி.கி. என்பது அதைப் போல 300 மடங்குக்கு மேல். சாதாரண மல்டிவைட்டமினில் இருக்கும் அளவு இப்படி ஏமாற்றாது. "முடி, தோல், நகம்" என்று எழுதி விற்கப்படும் மாத்திரைகள்தான் ஏமாற்றும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதைப் பற்றி 2017-இலேயே எச்சரித்தது. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் பரிசோதனையும் இதே பசையில் ஏமாறலாம் என்பதால்தான் அவ்வளவு கவலை.

ரத்தம் கொடுக்குமுன் குறைந்தது இரண்டு முழு நாள் பயோட்டினை நிறுத்துங்கள். நரம்பு நோய்க்காக மிகப் பெரிய அளவில் எடுப்பவர்களுக்கு இன்னும் அதிக நாள் வேண்டும். எல்லா ஆய்வகக் கருவியும் ஏமாறுவதில்லை. உங்கள் ஆய்வகக் கருவி எந்த வகை என்று உங்களுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். இத்தனைக்கும், புழுவெட்டில் பயோட்டின் முடி வளர்க்கும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. அந்தப் பெண் அதன் பிறகு அதைத் தொடவில்லை.

"இரும்புச் சத்து மாத்திரையாவது சாப்பிடலாமா?"

பரிசோதனையில் குறைவு தெரிந்தால் சாப்பிடலாம். ஆனால் தைராக்சினுக்கும் இரும்பு அல்லது கால்சியம் மாத்திரைக்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சேர்த்து விழுங்கினால் தைராக்சின் குடலிலேயே கட்டுண்டு, உடம்புக்குள் போகாது. முடிக்காக இரும்பு தொடங்கி, அதனால் தைராய்டு கெட்டு, அதனால் மேலும் முடி கொட்டியவர்கள் உண்டு.

"டி.எஸ்.ஹெச். நார்மல். ஆனா டி.பி.ஓ. ஆன்டிபாடி 600-க்கு மேல. இதைக் குறைக்க மாத்திரை உண்டா?"

குறைக்க வேண்டிய அவசியம் இல்லை. டி.பி.ஓ. என்பது தைராய்டு சுரப்பியிலுள்ள ஒரு நொதி; அதற்கு எதிராக நம் உடம்பே உருவாக்கும் ஆன்டிபாடி இது. அந்த எண் ஒரு வானிலை அறிக்கை. மழை இன்னும் பெய்யவில்லை. இங்கிலாந்தின் விக்கம் என்ற பகுதியில் மக்களை 20 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஆன்டிபாடி மட்டும் இருந்து டி.எஸ்.ஹெச். சரியாக இருந்த பெண்களில் ஆண்டுக்கு 100-க்குச் சுமார் 2 பேருக்கு ஹார்மோன் குறைவு வந்தது. இரண்டுமே கோளாறாக இருந்தவர்களில் ஆண்டுக்கு 4 பேருக்கு மேல். எனவே வருடத்துக்கு ஒரு முறை டி.எஸ்.ஹெச். பார்த்தால் போதும். கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே ஒரு முறை.

ஆன்டிபாடி 600 இருப்பவருக்கு 200 இருப்பவரைவிடத் தோல் மூன்று மடங்கு மோசமாகும் என்பதும் இல்லை. இருக்கிறதா இல்லையா என்பதுதான் செய்தி. மாதாமாதம் அதை அளந்து கவலைப்படுவதில் பயன் ஏதும் இல்லை.

"எனக்குத் தைராய்டு எதுவும் இல்லை, தோல் நோய் மட்டும்தான். நானும் டெஸ்ட் எடுக்கணுமா?"

ஜோடி ஜோடியாக வரும் வெண்புள்ளி என்றால் ஒரு முறை டி.எஸ்.ஹெச்., கூடவே டி.பி.ஓ. ஆன்டிபாடி. ஆன்டிபாடி இருந்தால் வருடா வருடம் டி.எஸ்.ஹெச்.; இல்லாவிட்டால் அறிகுறி வரும்போது பார்க்கலாம். ஆறு வாரத்தைத் தாண்டிய காணாக்கடிக்கும் டி.பி.ஓ. ஆன்டிபாடி பார்ப்பது இப்போது வழக்கம். காரணத்தை அடுத்த பதிலில் சொல்கிறேன். ஒற்றைப் புழுவெட்டு வட்டம், வேறு தொல்லை இல்லை, குடும்பத்திலும் இல்லை என்றால் நான் கட்டாயப்படுத்துவதில்லை. பரவலான புழுவெட்டு என்றால் எடுக்கச் சொல்வேன்.

"ரெண்டு மாசமா தினம் தடிப்பு. அலர்ஜி டெஸ்ட்ல எதுவுமே வரலை. சாப்பாட்டுல எதை நிறுத்தறது?"

எதையும் நிறுத்தாதீர்கள். ஆறு வாரத்தைத் தாண்டி, பெரும்பாலான நாட்களில் காரணமே இல்லாமல் எழும் தடிப்பில் உணவு ஒவ்வாமை அபூர்வம். பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் வெறும் சோறு சாப்பிட்டுக்கொண்டும் அரித்துக்கொண்டும் வருபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

தோலில் மாஸ்ட் அணுக்கள் என்று சில உண்டு. அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் நிரம்பிய பைகள் அவை. ஒவ்வாமையில் வெளியிலிருந்து வரும் பொருள் பையைக் கிழிக்கிறது. நாட்பட்ட காணாக்கடியில் பலருக்கு உடம்பே கிழிக்கிறது. இது இரண்டு விதமாக நடக்கிறது. ஒரு விதத்தில், ஒவ்வாமைக்கான ஐஜிஈ ஆன்டிபாடியே நம் சொந்தப் பொருட்களை எதிர்த்து உருவாகிறது, தைராய்டின் டி.பி.ஓ.வும் அந்தப் பொருட்களில் ஒன்று. இன்னொரு விதத்தில், ஐஜிஜி வகை ஆன்டிபாடிகள் மாஸ்ட் அணுவின் பூட்டையே நேராகப் பிடித்துத் திறக்கின்றன. இந்த இரண்டாம் விதத்தில்தான் மொத்த ஐஜிஈ மிகக் குறைவாகவும் டி.பி.ஓ. ஆன்டிபாடி அதிகமாகவும் இருக்கும். அதனால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறோம். வழக்கமான டி.பி.ஓ. பரிசோதனை காட்டும் ஆன்டிபாடி தானே தடிப்பை உண்டாக்குகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. எந்த விதம் என்று சுட்டிக்காட்டும் விரல் அது.

வைத்தியம் படிப்படியாகப் போகும். தூக்கம் தராத புதிய வகை ஆன்டிஹிஸ்டமின், அரிக்கும்போது மட்டும் அல்ல, தினமும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்காவிட்டால் அதே மருந்தை நான்கு மடங்கு வரை கூட்டலாம், மருத்துவர் சொன்னால் மட்டும். அதற்கும் அடங்காவிட்டால் நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஐஜிஈ-ஐப் பிடித்து முடக்கும் ஓமலிசுமாப் ஊசி, 300 மி.கி. இங்கேதான் அந்த இரண்டு எண்கள் உதவுகின்றன. ஐஜிஈ 40-க்குக் கீழே, டி.பி.ஓ. உயர்வு என்றால் ஊசி மெதுவாக வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம். அதை முன்பே தெரிந்துகொண்டால் முதல் ஊசியிலேயே மனம் உடையாது. பலன் இல்லாதபோது நோய் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் போன்ற அடுத்த படிக்கும் தயாராக இருக்கலாம். அதற்கு ரத்த அழுத்தமும் சிறுநீரகமும் கண்காணிக்கப்பட வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையை வாரக்கணக்கில் இழுப்பது மட்டும் வேண்டாம்.

ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் சிலருக்குத் தடிப்பைக் கூட்டும். உணவுப் பட்டியலைவிட மருந்துப் பெட்டியைப் பாருங்கள்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். புதிதாக எழும் தடிப்பைச் சுற்றி பேனாவால் கோடு போட்டு, மணியையும் எழுதுங்கள். காணாக்கடி என்றால் 24 மணி நேரத்துக்குள் அந்தக் கோட்டுக்குள் ஒன்றும் இருக்காது, பக்கத்தில் புதியது எழுந்திருக்கும். மறுநாளும் அதே இடத்தில் இருந்தால், அரிப்பைவிட எரிச்சலும் வலியும் அதிகம் என்றால், மறைந்த இடத்தில் கன்றிய கறை விட்டால், அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தோலிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ பேனாவைத் தேடாமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

"தைராய்டு நார்மல், டி.பி.ஓ. மட்டும் அதிகம். தைராக்சின் சாப்பிட்டா காணாக்கடி போயிடும்னு சொல்றாங்க."

சின்னச் சின்ன ஆய்வுகள் இருபக்கமும் பேசுகின்றன. தேவையில்லாத தைராக்சின் படபடப்பையும், நாளாவட்டத்தில் எலும்புத் தேய்வையும் தரக்கூடியது. நான் எழுதுவதில்லை.

"எனக்கு கிரேவ்ஸ். கார்பிமசோல் ஆரம்பிச்ச மூணாவது வாரம் உடம்பெல்லாம் தடிப்பு. இதுவும் கூட்டாளி நோயா?"

இருக்கலாம். ஆனால் முதலில் மருந்தைச் சந்தேகியுங்கள். இந்த மருந்து எடுப்பவர்களில் 100-க்கு ஏறக்குறைய 5 பேருக்கு அரிப்போ தடிப்போ வருகிறது, பெரும்பாலும் ஆரம்ப வாரங்களில். லேசானது என்றால் ஆன்டிஹிஸ்டமினோடு மருந்தைத் தொடர்ந்து பார்க்கலாம். அடங்காவிட்டால் உட்சுரப்பியல் மருத்துவர் வேறு வழிக்கு மாற்றுவார். நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்துக்கு முன்பே தடிப்பு இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள், அதுதான் பெரிய துப்பு. ஒரே ஒரு நிலையில் மட்டும் அடுத்த மாத்திரையை விழுங்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்: காய்ச்சலோடு தொண்டைவலியோ வாய்ப்புண்ணோ வந்தால். வெள்ளணு சரிந்திருக்கலாம், உடனே ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும்.

"வெண்புள்ளிக்கு லைட் ட்ரீட்மென்ட் ரெண்டு மாசம் எடுத்தேன். ஒண்ணும் ஆகலை, விட்டுடலாமா?"

இரண்டு மாதம் போதாது. குறும்பட்டை புற ஊதாக் கதிர் என்றால் வாரம் இரண்டு மூன்று முறை, குறைந்தது ஆறு மாதம் எடுத்த பிறகுதான் தீர்ப்பு. அதற்கு முன் இரண்டு கேள்விகள்: பரவுவது நின்றதா? திட்டு எந்த இடத்தில் இருக்கிறது?

பரவுகிறதா என்பதைத் திட்டின் ஓரம் சொல்லும். ஓரம் கூர்மையாக இருந்தால் ஓய்வில் இருக்கிறது. ஓரம் மங்கலாக, சுற்றிலும் கடுகளவு வெள்ளைப் பொட்டுகள் வாரி இறைத்தது போலத் தெரிந்தால் வேகமாகப் பரவுகிறது. கதிர் மட்டும் போதாது, சில மாதத்துக்குக் குறைந்த அளவு ஸ்டீராய்டு வாரம் இரண்டு நாள் என்று கொடுத்து முதலில் தடுப்போம். கடிகாரப் பட்டை, இடுப்பில் இறுகும் நாடா, அழுத்தித் தேய்ப்பது என்று தோல் உரசும் இடமெல்லாம் புதிய திட்டு எழலாம், அதையும் கவனியுங்கள்.

நிறம் திரும்புவது மயிர்க்கால்களிலிருந்து. நிறமணுக்களின் சேமிப்புக் கிடங்கு அங்கேதான் இருக்கிறது. அதனால் திட்டுக்குள் மிளகுப் பொடி தூவியது போலப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் வைத்தியம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அவை விரிந்து ஒன்றோடொன்று சேரும். முகம் நன்றாகத் திரும்பும். விரல் நுனி, உதடு, மணிக்கட்டு முன்புறம் போல முடி இல்லாத இடங்களில் கிடங்கே இல்லை. திட்டிலுள்ள முடியும் நரைத்திருந்தால் கிடங்கு காலி. இப்படிப்பட்ட இடங்களில் கதிரை வருடக்கணக்கில் தொடர்வதைவிட, நோய் ஒரு வருடமாவது அசையாமல் இருந்தால் அறுவை முறையில் நிறமணு ஒட்டுவதைப் பேசலாம்.

2022-இல் அமெரிக்காவில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ருக்ஸோலிடினிப் களிம்புக்கு அனுமதி வந்தது. தோலுக்குள் நோய் எதிர்ப்பு அணுக்களைக் கூப்பிடும் சமிக்ஞையை அது துண்டிக்கிறது. ஆறு மாதத்தில் முகத் திட்டு முக்கால்வாசி மறைந்தவர்கள் ஏறக்குறைய 100-க்கு 30 பேர். இன்னும் ஆறு மாதம் தொடர்ந்தபோது கூடியது. எந்த வைத்தியத்தை நிறுத்தினாலும் சிலருக்குத் திட்டு அதே இடத்தில் திரும்பும், அங்கே காவல் அணுக்கள் தங்கிவிடுவதால்.

"புழுவெட்டுக்கு ஊசி போடாம விட்டா வளராதா?"

ஒன்றிரண்டு சிறு வட்டம் என்றால் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே வளரும். முதலில் வரும் முடி வெள்ளையாக இருக்கும், பயப்படாதீர்கள், பிறகு கறுக்கும். விரைவாக வேண்டுமென்றால் வட்டத்துக்குள் ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை. ஒரே இடத்தில் அடிக்கடி போட்டால் தோல் குழியும். காதுக்கு மேலிருந்து பிடரி வரை நாடா போலப் போகும் வகையும், தலையில் பாதிக்கு மேல் போன வகையும் பிடிவாதக்காரர்கள். அவர்களுக்கு பாரிசிடினிப் போன்ற மாத்திரைகள் இப்போது உண்டு, தொற்று, ரத்த உறைவு போன்ற அபாயங்களை எடைபோட்டுத்தான்.

"என் பிள்ளைகளுக்கும் வருமா?"

மரபணு முழுவதும் ஒன்றாக உள்ள இரட்டையரிலேயே, ஒருவருக்கு வெண்புள்ளி இருந்தால் மற்றவருக்கு வந்தது நான்கில் ஒருவருக்கும் சற்றுக் குறைவாகத்தான். பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதைவிட மிகக் குறைவு. முன்கூட்டியே ரத்தம் எடுக்க வேண்டாம்.

"தைராய்டு, வெண்புள்ளி ரெண்டும் இருக்கு. அடுத்து வேற ஏதாவது வருமா?"

பி12 குறைவு வரலாம். வயிற்றில் அதை உறிஞ்ச உதவும் புரதத்தை இதே கூட்டம் தாக்குவதால். கால் மரத்துப்போதல், நாக்கு எரிச்சல், ரத்தசோகை என்றால் பரிசோதியுங்கள். முதல் வகை நீரிழிவும் இந்தக் குடும்பம்தான்.

மிக அபூர்வம், ஆனால் தவறவிடக் கூடாதது அடிசன் நோய். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி தாக்கப்பட்டு, உடம்பின் சொந்த ஸ்டீராய்டு தீர்ந்துபோகிறது. வெண்புள்ளி இருப்பவரிடமே மற்ற இடங்கள் கறுக்கும் விநோதம் இது. வெயில் படாத இடங்களைப் பாருங்கள்: உள்ளங்கை ரேகை, ஈறு, கன்னத்தின் உட்புறம், பழைய தழும்பு. சிலருக்கு ஈறு இயல்பாகவே கறுப்பு. புதிதாகக் கறுத்ததா என்பதுதான் கேள்வி. கூடவே எடை குறைவது, எழுந்து நின்றால் தலைசுற்றல், உப்புக்கு ஏங்குவது, காரணமில்லாத வாந்தி.

இதில் தைராய்டு மருத்துவருக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. அட்ரினல் குறைவே டி.எஸ்.ஹெச்.-ஐ லேசாக உயர்த்திக் காட்டும். அதைத் தைராய்டு என்று நினைத்துத் தைராக்சின் தொடங்கினால், உடம்பில் மிச்சமிருக்கும் கொஞ்ச ஸ்டீராய்டும் வேகமாகச் செலவாகி, ஆள் சரிந்துவிடலாம். தைராக்சின் தொடங்கியபின் ஒருவர் தேறாமல் மேலும் மேலும் துவண்டால், அளவைக் கூட்டுவதற்கு முன் உள்ளங்கையை விரித்துப் பார்த்து, காலை எட்டு மணிக்கு ரத்தத்தில் அந்த ஸ்டீராய்டை, அதாவது கார்டிசோலை அளக்கச் சொல்லுங்கள்.